தெரியாத ஆள் பணம் போட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டால்: பணம் வந்த நிமிடத்திலிருந்து கணக்கு முடியும் வரை என்ன செய்வது

தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. கானாடுகாத்தானில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஆச்சி ஒருவருக்கு மத்தியானம் இரண்டே முக்காலுக்கு 14,500 ரூபாய் வந்து விழுந்தது. அவருக்கு இது புதிதில்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் யார் யாரிடமோ நம்பர் வாங்கி, முன்பணம் போட்டுவிட்டு அப்புறம்தான் "நாலு கிலோ கைமுறுக்கு, இரண்டு கிலோ சீப்புச் சீடை" என்று வாட்ஸப்பில் எழுதுவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து அவர் போனைத் திரும்பக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு அழைப்பு. "அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம்மா, ஒரு நம்பர் மாறி உங்களுக்கு வந்துருச்சு, ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போகணும், இந்த நம்பருக்குக் கொஞ்சம் அனுப்பிவிடுங்கம்மா." ஆச்சிக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் அடுப்பில் மணகோலத்துக்குப் பாகு ஏறிக்கொண்டிருந்தது. "பதம் தப்பிடும் தம்பி, அரை மணி கழிச்சுப் பேசு" என்று வைத்துவிட்டார். அந்த அரை மணியில்தான் எனக்குப் போன் செய்தார். நான் காரைக்குடியில் சின்னக் கடைகளுக்கு வரவு செலவு எழுதிக் கொடுப்பவன், ஆச்சியின் கணக்கும் என்னிடம்தான்.

அன்றைக்கு நாங்கள் என்னென்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். யூபிஐயில் பணம் வந்த கதைதான் இது. பேங்க் வழியாக நெஃப்ட், ஐஎம்பிஎஸ் என்று வந்திருந்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

முதலில், பணம் நிஜமாகவே வந்ததா?

போனில் வந்த எஸ்எம்எஸ்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். "உங்கள் கணக்கில் 14,500 வரவு வைக்கப்பட்டது" என்று யார் வேண்டுமானாலும் தட்டி அனுப்பலாம். பேங்க் அனுப்பும் எஸ்எம்எஸ் பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது, எழுத்துகளால் ஆன ஒரு தலைப்பிலிருந்துதான் வரும், இப்போதெல்லாம் அதன் கடைசியில் -S அல்லது -T என்று ஒரு எழுத்தும் சேர்ந்து வருகிறது. சாதாரண மொபைல் நம்பரிலிருந்து வந்த "கிரெடிட்" செய்தி என்றால் கதை அங்கேயே முடிந்தது. வரவே இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், நீங்கள் அனுப்பினால் அது உங்கள் சொந்தக் காசு. எதிராளி அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இதே மதிப்புதான். பணம் போனது போலவே காட்டுகிற போலி ஆப்கள் உண்டு, கடைக்காரர்கள் இதில் ஏற்கெனவே நிறைய ஏமாந்திருக்கிறார்கள்.

தலைப்பு சரியாக இருந்தாலும் அத்தோடு விடாதீர்கள். பேங்கின் சொந்த ஆப்பைத் திறந்து கணக்கு வரிகளைப் பாருங்கள், அல்லது பாஸ்புக்கை எடுத்துப் போய் வரி போட்டு வாருங்கள். மீதி மட்டும் பார்த்தால் பல நேரம் குழப்பமே மிஞ்சும், ஏனென்றால் அன்றைக்கு வேறு ஆர்டர் பணமும் வந்திருக்கும். அந்த ஒரு வரவு வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். பேலன்ஸ் பார்க்க பின் நம்பர் போட்டாலே பணம் போய்விடும் என்று ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. பேலன்ஸ் பார்க்கப் போடும் பின் பேலன்ஸை மட்டும்தான் காட்டும். பணம் போக வேண்டுமென்றால் பணம் அனுப்பும் திரையை நீங்கள் தனியாகத் திறந்து சம்மதித்துப் பின் போட வேண்டும். பின் கேட்கும் திரையின் மேல்பக்கத்தில் யாருக்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் விரல் ஓடுவதுதான் பிரச்சினை.

வரவு வரியில் என்ன எழுதியிருக்கிறது?

வரி கிடைத்துவிட்டதா, இனி அதை நிதானமாகப் படியுங்கள். ஆச்சியின் வரியில் மூன்று விஷயம் இருந்தது: தொகை, ஒரு பெண்ணின் பெயர், 12 இலக்கக் குறிப்பு எண். யூபிஐக்கும் ஐஎம்பிஎஸ்ஸுக்கும் இந்த எண் 12 இலக்கம்தான். இந்த எண்ணைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இனி பேங்கிலும் போலீசிலும் உங்கள் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான் இருக்கும்.

பெயருக்குப் பதிலாகக் கடன், ஓவர்டிராஃப்ட், டெபாசிட் என்று பொருள்படுகிற ஏதாவது வார்த்தை அந்த வரியில் இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். உங்கள் நெட் பேங்கிங் ஏற்கெனவே யார் கையிலோ போய்விட்டது, அவர்கள் உங்கள் பெயரிலேயே ஒரு கடனையோ உங்கள் டெபாசிட்டின் மேல் ஒரு கடனையோ எடுத்து உங்கள் கணக்கிலேயே போட்டுவிட்டு, "தவறுதலாக வந்த பணம், அனுப்புங்கள்" என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். பேங்க்காரர்கள் கண்ணுக்கு எல்லாமே நீங்கள் எடுத்து நீங்கள் அனுப்பியதாகத் தெரியும், தவணை உங்கள் தலையில். இதில் அரை மணி காத்திருப்பதெல்லாம் கூடாது. பேங்கின் கார்டு பின்னால் அச்சடித்திருக்கும் நம்பருக்குப் பேசி நெட் பேங்கிங்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள், கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றுங்கள், பிறகு மற்ற படிகளுக்கு வாருங்கள். டெபாசிட்டை வைத்துக் கடன் எடுப்பதைப் பல பேங்குகளில் கிளைக்குப் போகாமலேயே ஆன்லைனில் செய்துவிட முடியும் என்பதால், ஊரில் டெபாசிட் போட்டு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லி வைக்கிறேன்.

ஆச்சிக்கு அப்படியில்லை. நிஜப் பணம், நிஜ ஆள் ஒருவரின் கணக்கிலிருந்து வந்திருந்தது. ஆனால் போனில் பேசியது ஆண், வரியில் இருந்தது பெண் பெயர்.

போனில் என்ன பேசுவது

அரை மணி கழித்து அவன் மறுபடி கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டோம். ஆச்சியைப் பேச வைத்தேன், நான் எழுதிக் கொடுத்த ஒரே வாக்கியத்தை மட்டும்: "தம்பி, உங்க பேங்க்ல தப்பா போயிருச்சுன்னு எழுதிக் கொடுங்க, என் பேங்க்ல நானும் இன்னைக்கே எழுதிக் கொடுக்கறேன், எந்தக் கணக்குலேர்ந்து வந்துச்சோ அதுக்கே பேங்க் திருப்பிப் போட்டுடும்."

இதைச் சொன்னதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். நிஜமாகவே தவறாக அனுப்பியவர் சற்றுப் பதறுவார், ஆனால் சரி என்பார், பேங்க் எது, என்ன எழுத வேண்டும் என்று கேட்பார். இவன் அப்படிக் கேட்கவில்லை. முதலில் அழுகைக் குரல், பிறகு "அது என் அக்கா கணக்கு, அவங்க போன் உடைஞ்சிருச்சு, அதனாலதான் வேற நம்பர் தரேன்", அப்புறம் "பாதியாவது அனுப்புங்க", கடைசியில் "போலீசுக்குப் போனா உங்க கணக்கை மூடிருவாங்க" என்றான்.

ஆச்சி ஒன்று கேட்டார், நான் சொல்லிக் கொடுக்காத கேள்வி. "எந்த ஆஸ்பத்திரி தம்பி?" சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு இணைப்பு போய்விட்டது.

பேசும்போது கொடுக்கக் கூடாதவை சில உண்டு. கணக்கு எண், ஆதார், ஓடிபி எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது. அவன் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள், திரையைப் பகிரச் சொல்லும் எந்த ஆப்பையும் ஏற்றாதீர்கள். க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அது பணம் கொடுப்பதற்கான க்யூஆர், வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்து பின் போட வேண்டியதில்லை. வைத்தவுடன் அவனுடைய நம்பர், நேரம், கேட்ட மாற்று நம்பர் மூன்றையும் குறித்துக்கொண்டு, வாட்ஸப்பில் ஏதாவது வந்திருந்தால் அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். பிளாக் செய்வதானால் அதற்கப்புறம்.

12 இலக்க எண்ணைக் கேட்டுப் பார்க்கலாமே, நிஜ ஆள் என்றால் தெரியுமே என்று சிலர் சொல்வார்கள். கேளுங்கள், சொல்ல முடியாவிட்டால் சந்தேகம் கூடும். ஆனால் தெரிந்திருந்தால் நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஏன் என்பதை அடுத்து சொல்கிறேன்.

அந்தப் பணம் யாருடையது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற படிகளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆச்சியின் க்யூஆர் படம் ஆர்டர் எடுக்கும் வாட்ஸப் செய்தியில் எல்லோருக்கும் போயிருக்கிறது. அந்தப் படம் எவன் கையிலோ கிடைக்கிறது. அவன் வேறொரு மாநிலத்தில் ஒரு பெண்ணிடம் வாடகை வீடு காட்டுவதாகப் பேசி வைத்திருக்கிறான். "முன்பணம் இந்த க்யூஆருக்குப் போடுங்கள்" என்று ஆச்சியின் க்யூஆரை அனுப்புகிறான். அந்தப் பெண் 14,500 போடுகிறார், போட்டதற்குச் சான்றாக அவனுக்கே ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புகிறார். அதில் அந்த 12 இலக்க எண் பளிச்சென்று இருக்கும். உடனே அவன் ஆச்சியைக் கூப்பிட்டு அழுகிறான். ஆச்சி அவன் சொன்ன நம்பருக்கு அனுப்பினால் பணம் அவனிடம் போய்ச் சேர்ந்துவிடும், அவன் பெயரோ கணக்கோ அந்தப் பெண் கண்ணில் படவே படாது.

அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். வீடும் இல்லை, ஆளும் இல்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்குப் போன் செய்கிறார். தன்னிடம் பணம் வாங்கியவர் என்று அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் கானாடுகாத்தான் ஆச்சியின் பெயர்தான். அந்தப் புகார் பேங்குகளுக்குப் போகும்போது பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எதற்குப் போனது என்று அடுக்கடுக்காகத் துரத்துவார்கள். முதல் அடுக்கு ஆச்சி. பணத்தை அவர் வேறு நம்பருக்குத் தள்ளிவிட்டிருந்தால், கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடுகிற ஆட்கள் செய்வதும் அச்சு அசலாக அதேதான் என்பதால், தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

தீபாவளிக்கு எட்டு நாள் முன்னால் கணக்கு முடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய்க் கடைக்கும் மாவு மில்லுக்கும் கொடுக்க வேண்டியது, வேலைக்கு வரும் மூன்று பெண்களின் கூலி, எல்லாம் அதே கணக்கில்தான். 14,500க்காக மற்ற எல்லாமும் நிற்கும்.

"வந்த நம்பருக்கே அனுப்பிவிடலாமே?"

இதை எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மாற்று நம்பருக்கு அனுப்புவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆச்சியின் கதையில் பணம் அந்தப் பெண்ணுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

இருந்தாலும் நான் இதைச் செய்யச் சொல்வதில்லை. அனுப்பிய கணக்கே திருடன் கையில் இருக்கலாம், அப்போது வேறு யாரோ இழந்த பணத்தை அவனிடம் நீங்களே ஒப்படைத்ததாகிவிடும். இன்னொரு பக்கம், அனுப்பியவர் ஏற்கெனவே பேங்கில் புகார் கொடுத்திருப்பார், நீங்கள் இங்கே கையால் ஒருமுறை அனுப்பியிருப்பீர்கள், நாலு நாள் கழித்து அந்தப் புகாரின் பேரில் உங்கள் கணக்கில் அதே தொகையைப் பிடித்து வைப்பார்கள். இரண்டாவது முறை கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க நீங்கள் அலைய வேண்டும். பேங்க் வழியாகப் போனால் வந்த வரிக்கும் போன வரிக்கும் ஒரே குறிப்பு எண்ணில் முடிச்சு விழுந்துவிடும்.

எடுத்துச் செலவு செய்யவும் கூடாது, இதை அழுத்தியே சொல்கிறேன். "நம்ம கணக்குல வந்துச்சு, நம்ம காசு" என்று வாதிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவே சொல்கிறது. தெரிந்தே அமுக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் கிரிமினல் வழக்காகவும் ஆகலாம், ஆறு மாதத்துக்குக் குறையாத தண்டனை. ஆக அந்தத் தொகையை மனதளவில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், மீதி அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய செட்டியார் வீட்டுப் பேரேடுகளில் யார் பற்று, யார் வரவு என்று பெயர் போட்டு எழுதுவார்கள் அல்லவா, ஆச்சி தன் நோட்டில் அன்றைக்கு "பேர் தெரியாதவர் வரவு 14,500, நம்முடையதல்ல" என்று எழுதி வைத்தார். பின்னால் போலீஸ்காரர் கேட்டபோது அந்தப் பக்கத்தையும் சேர்த்தே காட்டினோம்.

பேங்குக்குப் போவது

அன்றைக்கே போங்கள். மத்தியானம் கடந்துவிட்டால் முதலில் பேங்கின் கஸ்டமர் கேருக்குப் பேசிப் புகார் எண் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை கிளைக்குப் போகலாம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பேங்க் கிடையாது, அதற்குள் முடிக்கப் பாருங்கள். பேங்கின் மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரு நகல் அனுப்பினால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, கடிதம் வேண்டும். நாங்கள் எழுதியது இதுதான், பெயர் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு, என்னுடைய சேமிப்புக் கணக்கு எண் (…) இல் (தேதி) அன்று மதியம் 2.45 மணிக்கு ரூ.14,500 யூபிஐ மூலம் வரவாகியுள்ளது. குறிப்பு எண் (12 இலக்கம்). அனுப்பியவராகக் காட்டும் பெயர் (…). இவரை எனக்குத் தெரியாது, இவருக்கு நான் எந்தப் பொருளும் விற்கவில்லை. சுமார் 2.55 மணிக்கு (மொபைல் எண்) இலிருந்து ஒருவர் அழைத்து இந்தத் தொகையை (வேறு எண்) க்கு அனுப்பச் சொன்னார். நான் அனுப்பவில்லை. இந்தப் பணம் எனக்குரியதல்ல. உரிய முறையில் சரிபார்த்து, பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்ப என் கணக்கிலிருந்து இந்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இந்தக் கடிதம் பெற்றதற்கு ஒப்புகை தர வேண்டுகிறேன்."

கவனிக்க வேண்டியது இரண்டு இடங்கள்தான். "வந்த அதே கணக்குக்கு", "இந்தத் தொகையை மட்டும்". வெறுமனே "என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். கணக்கு வரியின் அச்சையும் அழைப்பு வந்த ஸ்கிரீன்ஷாட்டையும் பின்னால் குத்திக் கொடுங்கள்.

பொதுவாக, அனுப்பியவரின் பேங்கிலிருந்து கோரிக்கை வரும், உங்கள் பேங்க் உங்கள் சம்மதத்தைக் கேட்கும், அப்புறம் பணம் திரும்பும். உங்கள் சம்மதம் முன்கூட்டியே அங்கே கிடப்பதால் பாதி வேலை முடிந்தது. அனுப்பியவர் பேங்குக்கே போகாவிட்டால் தாமதமாகும், அதுவரை பணம் உங்கள் கணக்கிலேயே கிடக்கட்டும், அதில் உங்கள் பக்கம் தப்பில்லை.

கவுண்டரில் என்ன சொல்வார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்களிடம், "பணம் வந்ததுக்கு யாரும் புகார் கொடுக்க மாட்டாங்க ஆச்சி, நீங்களே அவருக்கு அனுப்பிடுங்க" என்று சிரித்தார் ஒரு ஊழியர். கூட்ட நேரம், அவரைக் குறை சொல்லவும் முடியாது. "சரிங்க, அப்படி அனுப்பச் சொல்லி இந்தக் கடிதத்துலயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். வாங்கி முத்திரை போட்டுவிட்டார். எங்குமே வாங்கவில்லை என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பேங்கில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கொண்டுபோகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

போலீசுக்கு எப்போது

மாற்று நம்பருக்குக் கேட்டார்கள், மிரட்டினார்கள், அனுப்பியவர் பெயருக்கும் பேசியவருக்கும் சம்பந்தமில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் பணம் இழக்கவில்லை என்பதால் தயங்க வேண்டாம், சந்தேகத்துக்குரிய நம்பரைப் பற்றிய தகவலாகவும் கொடுக்கலாம். வருகிற ஒப்புகை எண்ணைப் பேங்க் கடிதத்தின் நகலில் எழுதி வையுங்கள்.

நேரில் போவதானால் ஒரு உள்ளூர் விஷயம். நம் செட்டிநாட்டு ஊர்கள் ஒரே மாவட்டத்தில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சிவகங்கை மாவட்டம், பொன்னமராவதி, இராயவரம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு, உங்கள் ஊர் எதில் வருகிறதோ அங்கே போங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் பஸ்ஸில் வீணாகும்.

"நான் சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர்" என்று இதே கும்பல் மறுபடி கூப்பிடுவதும் உண்டு. வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரியும், "பணத்தை இந்த அரசாங்கக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்பார்கள். பணத்தைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் போலீஸ் உங்கள் பேங்குக்கு எழுதும், உங்களைப் பணம் அனுப்பச் சொல்லாது. எந்த ஸ்டேஷன் என்று கேட்டு, அந்த ஸ்டேஷன் நம்பரை நீங்களே வேறு இடத்தில் தேடிப் பேசுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால்

இதுவும் நடக்கிறது, அழுகைக் குரல் கேட்டால் நம் ஆட்களுக்கு மனசு தாங்காது. அந்த நிமிடமே 1930க்குப் பேசுங்கள். இங்கேயும் வேகம் முக்கியம், ஏனென்றால் நீங்கள் அனுப்பிய பணம் அடுத்த கணக்கில் உட்கார்ந்திருக்கும் வரைதான் அதை நிறுத்த முடியும், அங்கிருந்து ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் கஷ்டம். அனுப்பிய பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், எந்த ஐடி என்று கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதன்பிறகு மேலே சொன்ன கடிதத்தையே "நான் ஏமாற்றப்பட்டு இந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டேன்" என்று மாற்றி எழுதிப் பேங்கில் கொடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறவர்களுக்குத்தான் பின்னால் சிக்கல் வருகிறது. உங்கள் புகார் தேதி அந்த முதல் ஆளின் புகாருக்கு முன்னால் இருந்தால் உங்கள் நிலைமையே வேறு.

கணக்கு முடங்கிவிட்டது என்றால் பேங்கில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: எந்தப் புகார் எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு. அந்த அதிகாரிக்கு மின்னஞ்சலில் உங்கள் கடிதம், கணக்கு வரிகள், அழைப்பு விவரம் எல்லாம் அனுப்பி, முடக்கத்தைச் சர்ச்சைக்குரிய தொகையோடு மட்டும் நிறுத்தி மீதிக் கணக்கை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். நகலைப் பேங்குக்கும் போடுங்கள். பதிலே வராவிட்டால் வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட வழி இருக்கிறது. "பணம் கட்டினால் கணக்கைத் திறந்து தருகிறேன்" என்று வருகிற புரோக்கரிடம் மட்டும் மாட்டாதீர்கள்.

நிஜமாகவே ஒருவர் தவறி அனுப்பியிருந்தால்

எல்லாரும் திருடர்கள் இல்லை. அதே மாதம் கண்டாங்கிச் சேலை விற்கும் என்னுடைய இன்னொரு கடைக்காரருக்கு 3,200 ரூபாய் வந்தது, தேவகோட்டை டீச்சர் ஒருவர் தன் தங்கைக்குப் போட வேண்டியதைப் பட்டியலில் பக்கத்துப் பெயரைத் தொட்டு இவருக்குப் போட்டுவிட்டார். அவரிடமும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னோம். அவர் தன் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிந்தார், தன் பேங்கிலும் எழுதிக் கொடுத்தார், நாங்கள் இங்கே சம்மதக் கடிதம் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் பணம் போய்விட்டது. நடுவில் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார், மிரட்டவில்லை, வேறு நம்பர் தரவில்லை. யூபிஐ பற்றிய புகாருக்கு, யூபிஐயை நடத்தும் என்பிசிஐயின் 1800-120-1740 என்ற இலவச நம்பரும் இருக்கிறது, தவறி அனுப்பியவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள், பாவம், அவர்களுக்கும் யாரும் வழி சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆச்சியின் கதையில் ஐந்தாம் நாள் பேங்கிலிருந்து போன் வந்தது. வேறு மாநிலப் போலீசிடமிருந்து அவர் கணக்கின் மேல் கோரிக்கை வந்திருக்கிறது, ஆனால் ஏற்கெனவே கடிதம் இருப்பதால் 14,500ஐ மட்டும் பிடித்து வைத்திருக்கிறோம், மற்றபடி கணக்கை ஓட்டலாம் என்றார்கள். தீபாவளி ஆர்டர் எல்லாம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்குப் பணம் கோர்ட் உத்தரவு வந்த பிறகுதான் திரும்பியது, பொங்கல் தாண்டிவிட்டது. பாஸ்புக்கில் பற்று விழுந்த அன்று ஆச்சி தன் நோட்டில் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, 14,500க்குப் பக்கத்தில் "கொடுத்தாச்சு" என்று எழுதிக் கோடு போட்டார். இப்போது ஆர்டர் எடுக்கும் செய்தியில் க்யூஆர் படம் இல்லை. ஆர்டரைப் பேசி முடித்த பிறகுதான் நம்பர் தருகிறார்.